ஸ்லைசரைத் தட்டினால் சார்ட்டின் தலைப்பும் மாற வேண்டும்

எக்செல் டாஷ்போர்டில் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று, கையால் டைப் செய்த சார்ட் தலைப்பு. ஸ்லைசரில் "தெற்கு" என்று தட்டியதும் கோடுகளும் பார்களும் மாறிவிடும். மேலே மட்டும் "மாதாந்திர விற்பனை - அனைத்து மண்டலங்கள்" என்று நின்றுகொண்டிருக்கும். அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலில் அனுப்பினால், பார்ப்பவர் தெற்கு மண்டலத்தின் எண்ணை மொத்த எண் என்றே எடுத்துக்கொள்வார். ஸ்லைசர் படத்தில் இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

தலைப்பை ஒரு செல்லோடு இணைப்பது சில நொடி வேலை. தலைப்பின் மேல் ஒரே ஒரு கிளிக். சுற்றிலும் பெட்டி வரும், உள்ளே கர்சர் துடிக்கக் கூடாது. துடித்தால் Esc அழுத்துங்கள். பிறகு மேலே ஃபார்முலா பாருக்குப் போய் `=` போட்டு, வேண்டிய செல்லைக் கிளிக் செய்து Enter. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்: தலைப்பின் உள்ளேயே `=` என்று டைப் செய்கிறார்கள். அப்போது எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, `=Calc!$E$4` என்பதையே தலைப்பாகக் காட்டும்.

இன்னொன்று, இங்கே ஃபார்முலா எழுத முடியாது, செல் முகவரி மட்டுமே போகும். `="விற்பனை "&Calc!E4` என்று போட்டால் எக்செல் ஏற்காது. முகவரியைக் கையால் அடித்தால் ஷீட் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும், அதே ஷீட்டாக இருந்தாலும். அதனால் கிளிக் செய்வதே உத்தமம். வாக்கியத்தைக் கட்டும் வேலை முழுவதும் அந்தச் செல்லுக்குள்ளேயே நடக்கட்டும்.

டேட்டா வேலிடேஷன் டிராப்-டவுன் வைத்த சார்ட் என்றால் கதை இத்தோடு முடிந்தது. தேர்வு B1-இல் இருக்கும், `="விற்பனை - "&B1` போதும். பிவட் டேபிளும் ஸ்லைசரும் வரும்போதுதான் சிக்கல். ஸ்லைசரில் என்ன தேர்ந்திருக்கிறது என்று கேட்க எக்செல்லில் நேரடி ஃபங்ஷன் இல்லை. பிவட்டின் Filters பகுதியில் அந்த ஃபீல்டை வைத்து அந்தச் செல்லைப் படிக்கச் சொல்வார்கள். ஒன்றைத் தேர்ந்தால் பெயர் வரும். இரண்டைத் தேர்ந்தால் `(Multiple Items)` என்றுதான் வரும். அதைத் தலைப்பில் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

நான் பரிந்துரைப்பது இரண்டு குட்டி பிவட்டுகளை. Calc என்று ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். சார்ட்டுக்கான பிவட்டைக் காப்பி செய்து அங்கே A3-இல் ஒட்டுங்கள். எல்லா ஃபீல்டையும் எடுத்துவிட்டு Region-ஐ மட்டும் Rows-இல் விடுங்கள். Design தாவலில் Grand Totals-ஐ Off செய்யுங்கள், இல்லாவிட்டால் "Grand Total" என்பதும் ஒரு மண்டலமாக எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். புதிதாக உருவாக்காமல் காப்பி செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிவட் கேஷ் என்பது பிவட் தனக்குள் வைத்திருக்கும் தரவின் நகல்; ஒரே கேஷைப் பகிரும் பிவட்டுகளைத்தான் ஒரு ஸ்லைசரோடு இணைக்க முடியும். காப்பி செய்தால் அந்தக் கவலை இல்லை.

A3-இல் இருப்பதை C3-இல் இன்னொரு முறை ஒட்டுங்கள். மண்டல ஸ்லைசரில் எல்லா மண்டலங்களும் தேர்ந்த நிலையில், அதை ரைட் கிளிக் செய்து Report Connections-இல் இந்த C3 பிவட்டின் டிக்கை எடுத்துவிடுங்கள். இப்போது A பத்தியில் தேர்ந்த மண்டலங்கள், C பத்தியில் எப்போதும் எல்லா மண்டலங்களும். இரண்டுக்கும் கீழே வேறு எதையும் எழுதி வைக்காதீர்கள். E1-இலிருந்து E4 வரை, வரிசையாக:

```
=COUNTA(A4:A40)
=COUNTA(C4:C40)
=IF(E1=E2,"அனைத்து மண்டலங்கள்",IF(E1<=3,TEXTJOIN(", ",TRUE,A4:A40),E1&" மண்டலங்கள்"))
="மாதாந்திர விற்பனை"&CHAR(10)&E3
```

ஆறு மண்டலங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தெற்கும் மேற்கும் தேர்ந்தால் தலைப்பின் இரண்டாம் வரியில் "தெற்கு, மேற்கு" என்று வரும். ஐந்தைத் தேர்ந்தால் "5 மண்டலங்கள்". மூன்றுக்கு மேல் பெயர்களை அடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நீளமான தலைப்பு சார்ட்டின் இடத்தைத் தின்றுவிடும், 255 எழுத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும். TEXTJOIN எக்செல் 2019 முதல்தான் உண்டு. CHAR(10) தலைப்பில் வரியை உடைக்கும், செல்லில் Wrap Text போட்டிருக்க வேண்டியதில்லை.

இப்போது பலரும் கவனிக்காத பொறி ஒன்று. டாஷ்போர்டில் ஆண்டுக்கும் ஒரு ஸ்லைசர் இருக்கிறது. பிவட்டைக் காப்பி செய்யும்போது அந்த இணைப்பும் கூடவே வந்துவிடும். C3 பிவட்டில் மட்டும் அதை எடுத்துவிட்டு A3-இல் மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் ஒரு மண்டலத்தில் விற்பனையே இல்லை என்றால், அந்த ஆண்டைத் தட்டியதும் A பத்தியிலிருந்து அந்த மண்டலம் காணாமல் போகும். மண்டலத்தை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் தலைப்பு "5 மண்டலங்கள்" என்று காட்டும். எண்ணும் சரி, சார்ட்டும் சரி, தலைப்பு மட்டும் தவறான சேதி சொல்லும். மண்டலத்துக்கான குட்டி பிவட்டை மண்டல ஸ்லைசரோடு மட்டும் இணைத்து, எல்லா ஆண்டுகளும் தேர்ந்த நிலையில் ஆண்டு ஸ்லைசரின் டிக்கை இரண்டு குட்டி பிவட்டிலும் எடுத்துவிட வேண்டும். ஆண்டும் தலைப்பில் வர வேண்டுமா, அதற்குத் தனியாக இதே மாதிரி ஒரு ஜோடி. சோம்பல்பட்டு ஒரே பிவட்டில் இரண்டையும் போட்டால் இதே குழப்பம் திரும்ப வரும்.

தேதி சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. `&B2` என்று நேரடியாக ஒட்டினால் 1 ஏப்ரல் 2025 என்பது 45748 என்று நிற்கும். `TEXT(B2,"mmm yyyy")` என்று சுற்றிப் போடுங்கள். மாதப் பெயர் தமிழில் வேண்டுமென்றால் `"[$-449]mmmm yyyy"`.

சார்ட் மாறியும் தலைப்பு பழையதாகவே இருந்தால் முதலில் ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். Calculate என்று இருந்தால் கணக்கீடு மேனுவலில் இருக்கிறது. ஸ்லைசர் தட்டியதும் பிவட் தானாக மாறிவிடும், ஃபார்முலாக்கள் F9-க்காகக் காத்திருக்கும். அங்கே ஒன்றுமில்லை என்றால் தலைப்பைக் கிளிக் செய்து ஃபார்முலா பாரைப் பாருங்கள். காலியாக இருந்தால், யாரோ தலைப்பின் மேல் எதையோ டைப் செய்து இணைப்பை அறுத்திருக்கிறார்கள். திரும்ப இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் வரி பெரிதாக, இரண்டாம் வரி சின்னதாக வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. இணைத்த தலைப்பில் அது நடக்காது, முழுத் தலைப்புக்கும் ஒரே எழுத்து வடிவம்தான். சார்ட்டைத் தேர்ந்த நிலையில் Insert போய் Text Box வரைந்து, அதையும் ஃபார்முலா பார் வழியாக `=Calc!$E$3` உடன் இணைத்துவிடுங்கள். தலைப்பில் நிரந்தரமான முதல் வரி மட்டும் இருக்கட்டும். சார்ட்டைத் தேர்ந்த பின் வரைந்தால்தான் பெட்டி சார்ட்டுக்கு உள்ளே உட்காரும். வெளியே ஷீட்டில் வரைந்தால், சார்ட்டை நகர்த்தும்போது அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.