வாசற்படிக் கல்லும் சாமிக் கல்லும்

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துக் கோயிலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, யாராவது ஒருவர் சித்தர் சிவவாக்கியரின் "நட்ட கல்லைத் தெய்வமென்று" பாட்டை எடுத்துவிடுகிறார். பெரும்பாலும் பால்மரத்தடியில் நட்டு வைத்த முனியாண்டி கல்லை மட்டம் தட்டத்தான். அதே ஆள் ராஜகோபுரம் வைத்த கோயில் கும்பாபிஷேகத்தில் முதல் வரிசையில் கும்பம் சுமந்து நிற்பார். சிவவாக்கியரை இப்படிப் பாதியில் வெட்டிப் படிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய இன்னொரு பாட்டைப் பாருங்கள்:

"ஓசையுள்ள கல்லை நீர் உடைத்திரண்டாய்ச் செய்துமே
வாசலில் பதித்த கல்லை மழுங்கவே மிதிக்கிறீர்"

தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கல்லைத்தான் சிலைக்குத் தேர்வார்கள். அப்படிப்பட்ட ஒரே கல்லை இரண்டாக உடைத்து, ஒன்றை வாசற்படியாக்கித் தேய மிதிக்கிறீர்கள். மற்றதற்குப் பூவும் நீரும் சாத்துகிறீர்கள். இதில் ஈசனுக்கு உகந்த கல் எது, சொல்லுங்கள் என்று முடிக்கிறார். உளி பட்ட கல், பதித்த வாசல், நாள்பூசை எல்லாம் இதில் வருகின்றன. மரத்தடிக் கல்லுக்கு விலக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டிய கோயிலை விட்டுவிட்டு மரத்தடியை மட்டும் அடிக்க இந்தப் பாட்டு இடம் தராது.

சாதியைப் பற்றிய பாட்டிலும் இதே வாதம்தான். "இறைச்சிதோல் எலும்பினும் இலக்கமிட்டு இருக்குதோ" என்று கேட்கிறார். ஒரே கல்லுக்கு இரண்டு மரியாதை. ஒரே உடம்புக்கும் இரண்டு மரியாதை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் கோபத்தின் வேர் தெரியும். சடங்கை ஏற்றுக்கொண்டு சாதியை மட்டும் விடலாம் என்பவர்களுக்கும், சாதியை வைத்துக்கொண்டு கல்லை மட்டும் பழிப்பவர்களுக்கும் அவர் துணை வரமாட்டார். கங்காணி காலத்தில் சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்கள் இருந்த மண் இது. இங்கே அந்தச் சாதிப் பாட்டை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்காக அவரை நாத்திகராக்குவதும் தவறு. அஞ்செழுத்தை உருகி உருகிப் பாடியவர் அவர். ராம நாமத்தையும் பாடியிருக்கிறார். அவரே பின்னால் திருமழிசை ஆழ்வார் ஆனார் என்று வைணவ மரபில் ஒரு கதை உண்டு. இரண்டு பேர் பாட்டிலும் ஒரே சந்தம் துள்ளுகிறது. ஆனாலும் பன்னிரு திருமுறையில் அவருக்கு இடமில்லை. கடவுளை நம்பிக்கொண்டே கோயிலைக் கேள்வி கேட்டவரை எந்த அடுக்கில் வைப்பது? "நாதன் உள்ளிருக்கையில்" என்பதுதான் அவர் பற்றிக்கொண்ட இடம். உள்ளே இருப்பவனுக்கு இடைத்தரகர் வேண்டியதில்லை.

அவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்தச் சாதிப் பாட்டு, பறைச்சியோடு கூடும் போகமும் பணத்தியோடு கூடும் போகமும் வேறா என்று ஆண்களிடம் கேட்கிறது. சமத்துவத்துக்குச் சாட்சியாகப் பெண்ணின் உடம்பை நிறுத்துகிறவர், அவளை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. வரும் திருவிழாச் சொற்பொழிவில் அவரைப் பேசுகிறவர்கள் அந்தப் பாட்டை முழுசாகச் சொல்லட்டும், இந்தக் குறையையும் சேர்த்து.