கருவை வைப்பதற்கு முன்பே வர வேண்டிய உத்தரவு

வாடகைத் தாய் வழியாகக் குழந்தை பெறப்போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பே வாங்க வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது: நீதிமன்ற உத்தரவு. குழந்தை யாருடையது என்பதை முடிவு செய்வது அதுதான்.

2008-இல் குஜராத்தின் ஆனந்தில் பிறந்த மான்ஜியை நினைத்துப் பாருங்கள். ஜப்பானியத் தம்பதிக்காக வாடகைத் தாய் சுமந்த குழந்தை. பிறப்பதற்குள் அவர்கள் விவாகரத்து செய்துவிட்டார்கள். கருமுட்டை தந்தவர் பெயர் தெரியாதவர். தாய் என்று எழுத யாருமில்லாமல் அந்தப் பச்சைக் குழந்தையின் பயண ஆவணம் மாதக்கணக்கில் சிக்கி நின்றது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

2021-ஆம் ஆண்டின் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தச் சிக்கலை முன்கூட்டியே தீர்க்கப் பார்க்கிறது. கருப்பை இல்லாமல் பிறந்த ஒரு பெண்ணையும் அவர் கணவரையும் எடுத்துக்கொள்வோம். முதலில் மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்று. அப்புறம் தம்பதியும் வாடகைத் தாயும் சேர்ந்து முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். குழந்தையின் பெற்றோர் யார், யார் பொறுப்பில் வளரும் என்று நீதிமன்றம் உத்தரவிடும். அந்த உத்தரவும் வாடகைத் தாய்க்கு 36 மாதக் காப்பீடும் இருந்தால்தான் வாடகைத் தாய் முறை இந்தத் தம்பதிக்கு அவசியம் என்று உறுதிசெய்யும் அத்தியாவசியச் சான்று கிடைக்கும். கருவைக் கருப்பையில் வைப்பது அதற்குப் பிறகுதான். குழந்தை பிறந்ததும் அதே உத்தரவு பிறப்புக்கான பிரமாணப் பத்திரமாகிவிடுகிறது.

வாடகைத் தாயும் மனுதாரராக இருப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கருவை வைக்கும் வரை அவர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு, குறையோடு பிறந்தது, பெண்ணாகப் பிறந்தது என்று எதைச் சொல்லியும் தம்பதி குழந்தையைக் கைவிட முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். "சான்றிதழ் சுலபமாக வந்துவிடும்" என்று சொல்லி வாடகைத் தாயை மனைவியின் பெயரில் பிரசவத்துக்குச் சேர்ப்பது மோசடி. பெற்றவரின் ரத்த வகையும் மருத்துவ வரலாறும் இன்னொருத்தி பெயரில் பதிவாகின்றன. அவசரத்தில் அது உயிருக்கே ஆபத்து. பின்னாளில் சொத்து வழக்கு வந்தால் நீதிமன்ற உத்தரவில் இருக்கும் பெயரும் மருத்துவமனைப் பதிவேடும் ஒத்துப்போகாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வாடகைத் தாயின் பெயர் இருக்கட்டும், பிறப்புப் பதிவில் தம்பதியின் பெயர் வரட்டும். இரண்டையும் இணைக்கத்தான் உத்தரவு இருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்புப் பதிவுச் சட்டமும் வாடகைத் தாய் வழிப் பிறப்பைத் தனியாகவே குறிப்பிடுகிறது.

தானமாக வந்த கருமுட்டையையோ விந்தணுவையோ வைத்து மனைவியே சுமந்தால் இந்த நீதிமன்ற மனு தேவையில்லை. குழந்தை தம்பதியுடையது, தானம் செய்தவருக்குப் பெற்றோர் உரிமை இல்லை என்று 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமே சொல்லிவிடுகிறது. அங்கே முக்கியமான காகிதம் சிகிச்சைக்கு முன் கணவனும் மனைவியும் எழுதிக் கொடுக்கும் சம்மதப் படிவம். அதன் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.