டெஸ்ட்டுக்கு காசு குடுத்தது தப்பாம்

என் கம்பெனிக்கு டெவலப்பர் எடுக்க மூணு பேருக்கு காசு குடுத்து ஒரு நாள் டெஸ்ட் வெச்சத பத்தி போஸ்ட் போட்டிருந்தேன். நேத்து அதுக்கு கீழ வந்த அந்த கமெண்ட்ட பாத்ததுல இருந்து மனசே ஆறல. கோடிங் ஒரு வரி தெரியாதவன் டெவலப்பருக்கு டெஸ்ட் வைக்கலாமா, அதுக்கு ஆளுக்கு 5000 ரூபாய் வேற தண்டமானு கேட்டிருக்கீங்க. தண்டம் இல்லீங்க. போன தடவ இண்டர்வியூல நல்லா பேசுன ஒருத்தர நம்பி 1,80,000 குடுத்தேன், நாலு மாசத்துல போனே எடுக்கல, டொமைன் கூட அவர் பேர்லதான் இருந்துச்சு. அத விட 15,000 பெருசா?

எனக்கு கோடிங் தெரியாது, ஆனா என் பில்லு எனக்கு தெரியும். திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை பண்றேன். 200 பில் இருக்குற எக்ஸெல் ஷீட்ட பார்ட்டி பேரெல்லாம் மாத்தி மூணு பேருக்கு குடுத்தேன். ஏப்ரல் 20 தேதிக்கு யார் எவ்வளவு பாக்கி, 30 நாள் தாண்டுனது எது, அவ்வளவுதான் காட்டணும். ஒரு நாள் வேலை.

முதல் ஆள் கலர் கலரா கிராப் போட்டு அசத்திட்டார். ஆனா 03/04னு இருந்த ஏப்ரல் 3 பில்ல மார்ச் 4னு எடுத்திருக்கார். 17 நாள் ஆன பாக்கி 47 நாள்னு காட்டுது! அத நம்பி நான் அந்த பார்ட்டிக்கு போன் போட்டு காசு கேட்டிருந்தா என் மரியாத என்ன ஆகும்? போன வருச கணக்குல வேற போய் உக்காந்திருக்கும். ரெண்டாவது ஆள் வேலைய தொடங்குறதுக்கு முன்னாடியே வாட்ஸப்ல கேட்டார், "தேதில நாள் முதல்லயா மாசம் முதல்லயாங்க? ஒரே ஜிஎஸ்டி நம்பர்ல ரெண்டு பார்ட்டி பேரு இருக்கே, ஒண்ணா சேத்துடவா?" மூணாவது ஆள் பாதிதான் முடிச்சார், அவருக்கும் முழு காசு குடுத்தேன், ஒரு நாள் உழைச்சிருக்காருல்ல.

அவங்க எழுதுன கோட மட்டும் என் ஃப்ரெண்டோட தம்பி பாத்தார். கோயம்புத்தூர்ல பத்து வருசமா இதே வேலைல இருக்கார். வீடியோ கால்ல 30 நாள 45ஆ மாத்தி காட்டுங்கன்னார். ரெண்டாவது ஆள் ஒரே எடத்துல நம்பர மாத்திட்டார். முதல் ஆள் நாலு எடத்துல தேடி மாத்தியும் ரிப்போர்ட்டு பழசையே காட்டுச்சு. "டேட்டாபேஸ் பாஸ்வேர்ட கோடுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கார்ணா"னு தம்பி சொன்னத நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்.

சொந்தக்காரன வெச்சு செலக்‌ஷன்னு இன்னொருத்தர். அந்த தம்பி இந்த வேலைய எடுத்துக்கவும் மாட்டார், கமிஷனும் வாங்க மாட்டார், அத முதல்லயே பேசிட்டுதான் கூப்பிட்டேன்.

ஒரு நாள் வேலைய வெச்சு ஆறு மாசம் நிப்பாரானு தெரியுமானு கேட்டா, தெரியாதுதான், ஒத்துக்கறேன். அதனாலதான் இந்த தடவ டொமைன், சர்வர், கோடு இருக்குற அக்கவுண்ட் எல்லாம் என் பேர்ல, பணம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, வேலைய பாத்துட்டு. போன தடவ காசு போனப்போ நீங்க யாரும் ஒரு வார்த்த கேக்கலயே, இப்ப மட்டும் என் 15,000 மேல ஏன் இவ்வளவு அக்கறை?

ரெண்டாவது ஆள் திங்கக்கெழம சேர்றார். அந்த ஷீட்டு வேணுங்கறவங்க இன்பாக்ஸ் வாங்க, அனுப்பறேன்.