ரிங் லைட் வாங்குறதுக்கு முன்னாடி சமையலறை லைட்டை அணைச்சுப் பாருங்க

எங்க சுங்கை சிப்புட்ல வீட்டுலயே சமைச்சு ஆர்டர் எடுக்குற அக்கா தங்கச்சிங்க போடுற படங்களைத் தினமும் பார்க்கிறேன். சாப்பாட்டு ருசி எனக்குத் தெரியும். ஆனா படத்துல அந்த ஆட்டுக்கறி பிரட்டல் சேறு மாதிரி கிடக்குது. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

போன் மேல குத்தம் இல்ல, வெளிச்சத்தோட நிறம்தான் காரணம். நம்ம தோட்டத்து வீடுகள்லயும் தாமான் வீடுகள்லயும் சமையலறை பெரும்பாலும் பின்னாடி இழுத்துக் கட்டினது. வெளிச்சம் வரட்டும்னு கூரையில பச்சையோ நீலமோ பிளாஸ்டிக் தகடு. சுவர்ல பளிச்சுனு ஒரு பெயிண்ட். நடுவுல கலிமந்தாங் விளக்கு. ஒரே தட்டு மேல மூணு நிற வெளிச்சம் விழுது. போன் படம் முழுசுக்கும் சேர்த்து ஒரு நிறத்தைத்தான் சரிபண்ணப் பார்க்கும். அதனால சோறு ஒரு பக்கம் நீலமாவும் இன்னொரு பக்கம் மஞ்சளாவும் தெரியும். பச்சைத் தகடு வழியா வர்ற வெளிச்சத்துல சிவப்பு குறைவு. மிளகாய்ச் சிவப்பு செத்துப்போறது அங்கதான். அப்புறம் பில்டர் போட்டுச் சிவப்பை ஏத்தினா சோறும் சேர்ந்து சிவந்துடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். வெள்ளைத் தட்டை வச்சு, அது மேல கையை நீட்டுங்க. ரெண்டு நிழல் விழுந்தா ரெண்டு இடத்துலேர்ந்து வெளிச்சம் வருது. உடனே லைட்டை அணைங்க. தகடு போட்ட இடத்தை விட்டு முன்வாசல் கதவோரமோ ஹால் ஜன்னலோரமோ வாங்க. நேர் வெயில் விழாத பக்கமா இருக்கணும். நாக்கோ ஜன்னல்ல வெயில் நேரா அடிச்சா தட்டு மேல கோடு கோடா நிழல் விழும். அப்போ பிள்ளைங்க பள்ளி வேலைக்கு வாங்குற மாஜோங் பேப்பரை ஜன்னல்ல ஒட்டிடுங்க, வெளிச்சம் மெதுவாப் பரவும். மழைக்கு முன்னாடி மூடிக்கிட்டு நிக்கிற வானம் இருக்கே, அந்த வெளிச்சத்துக்குப் பேப்பரே தேவையில்ல.

இப்போ பிரட்டலையே எடுத்துக்குவோம். அது கறுத்த கறி, எண்ணெய் மினுங்கும். முன்னாலேர்ந்து ரிங் லைட் அடிச்சா ஒவ்வொரு எண்ணெய்த் துளியிலயும் வெள்ளை வட்டம் தெரியும், மசாலாவோட சொரசொரப்பு காணாமப் போயிடும். ஜன்னல் தட்டுக்குப் பக்கத்துலயோ கொஞ்சம் பின்னாலயோ இருக்கணும். அப்போதான் கறித்துண்டோட ஓரம் மின்னும், கறிவேப்பிலை தனியா எழும்பி நிக்கும். ஆனா உங்க பக்கம் இருட்டா இருக்கும். அதுக்கு ஒரு வெள்ளை மணிலா அட்டையை ரெண்டா மடிச்சு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், தட்டை ஒட்டினாப்ல நிக்க வையுங்க. கிட்டத்துல நகர்த்த நகர்த்த நிழல் இளகுறது கண்ணுக்கே தெரியும். முழுசா நிழலைப் போக்கிடாதீங்க, நிழல் இல்லைன்னா கறி தட்டையாத் தெரியும்.

லென்ஸைத் துணியால துடைங்க. சமைச்ச கையோட எண்ணெய் ஒட்டியிருந்தா படமே புகைமூட்டமாத்தான் வரும். போனைத் தட்டுக்குள்ள கொண்டுபோய் நுழைக்காம, தள்ளி நின்னு 2x வச்சு எடுங்க. கிட்டப் போனா தட்டு கோணலாகும், போனோட நிழலும் விழும். திரையில கறித்துண்டை விரலால அழுத்திப் பிடிச்சா ஐபோன்ல AE/AF LOCK-னு வரும். பக்கத்துல இருக்கிற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழ இழுங்க. கறுத்த கறியைப் பார்த்தா போன் இருட்டுன்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்திடும், கறி வெளுத்துப் போறது அதனாலதான். இட்லி, இடியாப்பம் மாதிரி வெள்ளைச் சாப்பாட்டுக்கு நேர்மாறு, குறியை மேல தள்ளணும்.

பின்புலத்துக்கு என் கருத்து ஒண்ணுதான், மினுங்கவே கூடாது. பூப்போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பு ஜன்னலையே திருப்பிக் காட்டும், கண்ணும் கறியை விட்டுட்டுப் பூவுக்குப் போயிடும். பாத்திக் துணி மினுங்காது, ஆனா அதுலயும் கண்ணு பூவுக்குத்தான் போகும், அதை மடிச்சு ஓரத்துல கொஞ்சமாக் காட்டலாம். வார்னிஷ் போகாத ரப்பர் மரப் பலகை இருந்தா கழுவிக் காயவச்சு, சொரசொரப்புத் தாளால தேய்ச்சுப் பளபளப்பை எடுத்துடுங்க. பிரட்டலுக்கு அது ரொம்பப் பொருந்தும். வாழை இலை நம்ம அடையாளம், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா பின்னாலேர்ந்து வெளிச்சம் வந்தா இலை வெள்ளையா மின்னும். தண்ணியைத் துடைச்சுட்டு, மினுக்கம் அடங்குற வரைக்கும் இலையைத் திருப்பிப் பாருங்க. சோத்தை இலையோட மடிப்புக்குப் பக்கத்துல வச்சா பச்சை நிறம் சோத்துல ஏறும், நடுவுல வையுங்க.

வேலை முடிஞ்சு ராத்திரியில சமைக்கிறவங்க ஒரே ஒரு வெள்ளை எல்இடி மேசை விளக்கு போதும்னு வச்சுக்குங்க. வீட்டுல மத்த எல்லா விளக்கையும் அணைச்சுட்டு, அதைத் தட்டுக்குப் பக்கவாட்டுல வச்சு, முன்னால மாஜோங் பேப்பரைத் தொங்க விடுங்க. பேப்பர் விளக்கைத் தொடாம, தட்டுக்குக் கிட்டக்க இருக்கணும். மணிலா அட்டை வழக்கம்போல எதிர்ப்பக்கம்.