அந்த 95-ஐ ஒரு மலிவு போனில் காட்டுங்கள் பார்ப்போம்

எத்தனை தடவைதான் சொல்வது? ஃபில்டர் பட்டனைத் தட்டினால் எதுவும் நடக்கவில்லை என்று வாடிக்கையாளர்களிடமிருந்து புகார் வருகிறது. டெவலப்பர் தன் புத்தம்புது லேப்டாப்பில், பக்கத்தின் வேகத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும் லைட்ஹவுஸை ஓட்டுகிறார். 95, பச்சை வட்டம். ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டி, "அவங்க நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும்" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுகிறார். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு!

மொபைல் சோதனையில் நெட்வொர்க்குக்கு லைட்ஹவுஸ் ஒரே அளவுதான் வைத்திருக்கிறது: 150 மில்லிசெகண்ட் தாமதம், சுமார் 1.6 எம்பிபிஎஸ். யார் ஓட்டினாலும் அதில் மாற்றமில்லை. சிபியு விஷயம் அப்படியில்லை. எந்த மெஷினில் ஓடுகிறதோ அதைவிட நான்கு மடங்கு மெதுவாக என்று கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். லேப்டாப் வேகமானால் அந்தக் கற்பனை போனும் வேகமாகிவிடும். எட்டாயிரம் ரூபாய் போனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கணக்கைப் பாருங்கள். பக்கம் திறந்ததும் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வேலை ஒன்று உங்கள் லேப்டாப்பில் 60 மில்லிசெகண்ட் எடுக்கிறது என்று வைப்போம். நான்கால் பெருக்கினால் 240. பக்கம் முடங்கிக் கிடக்கும் நேரத்தைக் கூட்டிச் சொல்லும் டிபிடி, ஒரு வேலையில் 50-க்கு மேல் போவதை மட்டும்தான் எண்ணும், ஆக 190. வரம்பு 200 என்பதால் பச்சை! அதே வேலை, லேப்டாப்பைவிட 15 மடங்கு மெதுவான போனில் 900 மில்லிசெகண்ட். கிட்டத்தட்ட ஒரு விநாடி, பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, தட்டினால் அசையாது. அந்த மனிதர் இன்னொரு தடவை தட்டுவார், அப்புறம் இரண்டு தட்டும் சேர்ந்து வேலை செய்து ஃபில்டர் திறந்து மூடிக்கொள்ளும். இதையா நெட்வொர்க் மேல் போடுகிறீர்கள்?

இத்தனைக்கும் தட்டியபின் ஆகும் தாமதத்தை, அதாவது ஐஎன்பியை, பக்கத்தை வெறுமனே திறந்து பார்க்கும் லைட்ஹவுஸ் சோதனை அளப்பதே இல்லை. அங்கே யாரும் எதையும் தட்டுவதில்லையே!

லேப்டாப்பில்தான் ஓட்டுவேன் என்றால், பெருக்கத்தையாவது கூட்டுங்கள்:

```
lighthouse https://example.com --throttling-method=devtools --throttling.cpuSlowdownMultiplier=15
```

ஆனால் 15 என்பதும் ஊகம்தான். எல்லா லேப்டாப்புக்கும் அது பொருந்தாது. நிஜமான போனுக்கு ஈடாக எதுவுமில்லை. வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் ரகத்தில் ஒன்றை வாங்கி, யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, லேப்டாப் குரோமில் `chrome://inspect` திறந்து, Performance பகுதியில் பதிவு செய்யுங்கள். நெட்வொர்க்கை Slow 4G-யில் வையுங்கள். சிபியுவைத் தொடாதீர்கள், போன் ஏற்கெனவே மெதுவானதுதான், அதை மறுபடி மெதுவாக்கினால் அந்த அளவும் பொய்யாகிவிடும். ஃபில்டர் பட்டனைத் தட்டுங்கள். சிவப்புக் கோடு போட்ட நீண்ட வேலை எந்த ஸ்கிரிப்டிலிருந்து வருகிறது என்று அங்கேயே தெரியும்.

டிக்கெட்டில் அந்தப் பதிவை ஒட்டுங்கள். வெறும் பச்சை வட்டத்தோடு மூடினால், நான் திரும்பத் திறப்பேன்.