"அது சும்மாம்மா" என்று சொல்லிவிட்டால் பொய் போய்விடுமா?

எம்.எஸ்சி. படித்தபோது ஒரு சீனியர் தன் ஆய்வுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். திரையில் முகங்கள் வரும், ஒவ்வொரு முகத்திலும் என்ன உணர்ச்சி என்று நான் டிக் அடிக்க வேண்டும். முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினார். என் மதிப்பெண் சராசரியைவிட ரொம்பக் கீழே. அதே முகத்தோடு இன்னொரு கேள்வித்தாளையும் நிரப்பினேன். வாசல்வரை வந்த பிறகுதான், "அது சும்மாம்மா, பாதிப் பேருக்கு அப்படித்தான் கொடுத்தோம், தேங்க்ஸ்" என்றார். ஆய்வு முடிந்ததும் உண்மையைச் சொல்லி விளக்குவதை டீபிரீஃபிங் என்பார்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

சும்மா என்று தெரியும். ஆனாலும் அடுத்த பல மாதங்கள், யாராவது நான் சொன்னதைக் கேட்டு முகம் சுளித்தால், 'நமக்குத்தான் முகத்தைப் படிக்க வராதே' என்று மனசு தானாகச் சொல்லும். மனோதத்துவம் படிக்க வந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று நினைத்துப் பாருங்கள்.

என் அசட்டுத்தனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் லீ ராஸ், மார்க் லெப்பர், மைக்கேல் ஹப்பார்ட் மூவரும் 1975-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல்காரர்கள். பங்கேற்பாளருக்கு 25 ஜோடிக் கடிதங்கள் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று உண்மையான தற்கொலைக் கடிதம், மற்றது ஜோடித்தது, எது உண்மை என்று கண்டுபிடிக்க வேண்டும். பதில் என்னவாக இருந்தாலும் ஒரு குழுவுக்கு 24 சரி, இன்னொன்றுக்கு 17, மூன்றாவதற்கு 10 என்று முன்கூட்டியே முடிவு செய்த மதிப்பெண்ணைச் சொன்னார்கள். பிறகு அந்த மதிப்பெண் பொய், உங்கள் பதிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெளிவாக விளக்கினார்கள். வாசலில் வைத்து இல்லை, உட்காரவைத்து. அதற்குப் பிறகு, நிஜத்தில் எத்தனை சரியாகச் சொல்லியிருப்பீர்கள், இனிமேல் செய்தால் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார்கள். 24 என்று பொய் கேட்டவர்கள் தங்களை உயர்வாகவும், 10 என்று கேட்டவர்கள் தாழ்வாகவும்தான் மதிப்பிட்டார்கள். பொய் என்று தெரிந்த பிறகும்.

ஏன் இப்படி? பத்துதான் சரி என்று கேட்ட அந்த நொடியிலேயே நாம் காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறோம். 'எனக்கு மனுஷங்களைப் புரியாது, அம்மாகூட அதைத்தான் சொல்வாள், போன வருஷம் தோழி அழுததையே நான் கவனிக்கவில்லை' என்று பழைய நினைவுகளைத் தோண்டி எடுத்து அடுக்குகிறோம். அந்த நினைவுகள் பொய் இல்லையே, நிஜமாக நடந்தவை. மதிப்பெண்ணை உருவி எடுத்தாலும் அது எழுப்பிவிட்ட காரணங்கள் அப்படியே நிற்கும், முட்டுக்கொடுத்த கம்பை எடுத்த பிறகும் நிற்கிற பந்தல் மாதிரி.

இதே ஆய்வில் இன்னொரு குழுவுக்கு வேறு மாதிரி விளக்கினார்கள். மதிப்பெண் பொய் என்பதோடு நிறுத்தாமல், இந்த மாதிரிப் பொய் அம்பலமான பிறகும் மனதில் தங்கிவிடும், அதற்குக் காரணம் நீங்களே தேடிப் பிடித்த விளக்கங்கள்தான், உங்களுக்கும் இப்போது அது நடந்துகொண்டிருக்கலாம் என்று அந்தச் செயல்பாட்டையே விவரித்தார்கள். அந்தக் குழுவில் பொய்யின் பிடி பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. எனக்கு அந்த வாசலில் தேவைப்பட்டது இந்த ஐந்து நிமிடப் பேச்சுதான்.

ஏமாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. (பரிசோதனைப் பொருளாதாரக்காரர்கள் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு தடவை ஏமாந்தவன் அடுத்த தடவை எதையும் நம்பமாட்டான், அப்புறம் யாரை வைத்து ஆய்வு செய்வது என்பது அவர்கள் வாதம். நியாயம்தான்.) கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் யார் உதவிக்கு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால், "இப்போது ஒருவர் மயங்கி விழுவதுபோல் நடிப்பார்" என்று முன்னாலேயே சொல்ல முடியாது. ஆனால் 'சொன்னால் ஆய்வு கெட்டுவிடும்' என்பது மட்டும் அனுமதிச் சீட்டு ஆகாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை இதில் கறார். ஆய்வின் பயன் அந்தப் பொய்க்குத் தகுதியானதாக இருக்க வேண்டும், ஏமாற்றாமல் செய்ய வேறு வழி சாத்தியப்படக் கூடாது, உடல்வலியோ கடுமையான மனவேதனையோ வரக்கூடியது என்றால் அந்த விஷயத்தில் பொய்யே கூடாது. நான் இதை ஒரே கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறேன்: நாம் மறைக்கிற விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் இவர் வர மறுத்திருப்பாரா? ஆம் என்றால், அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் வெறும் காகிதம்.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் கதை பலருக்கும் தெரியும். கட்டளையிட்டால் மனிதர்கள் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார்கள் என்று பார்த்த ஆய்வு அது. 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைத்தார். முதலில் வெளியிட்ட ஆய்வில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். எல்லோரும் அந்த எண்ணிக்கையைப் பேசுகிறோம். எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. பலரிடம் அன்றைக்கு முழு உண்மையைச் சொல்லவில்லை. அதிர்ச்சி நீங்கள் நினைத்த அளவு கடுமையானதில்லை என்ற மட்டில் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள், ஊரில் விஷயம் பரவினால் அடுத்து வருகிறவர்களிடம் ஆய்வு செய்ய முடியாதே. விவரமான அறிக்கை எல்லாம் முடிந்த பிறகு, 1962-ல்தான் தபாலில் போனது. நடுவில் எத்தனை இரவு அந்த மனிதர்கள் என்ன நினைத்துப் படுத்திருப்பார்கள்? உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1964-ல் இந்த ஆய்வைக் கடுமையாக விமர்சித்தார். மில்கிராம் பதிலுக்கு, பங்கேற்றவர்களில் 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றார்கள் என்று கணக்கு காட்டினார். பின்னால் சந்தோஷப்பட்டார்கள் என்பதை முன்னால் ஏமாற்றியதற்கு நியாயமாக என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது என்னிடம் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்கள் பார்வைக்கு வருகின்றன. ஏமாற்று இருந்தால் முதலில் டீபிரீஃபிங் பக்கத்தைத்தான் புரட்டுவேன். ஒரு பையன் "இறுதியில் உண்மை தெரிவிக்கப்படும்" என்று ஒரே வரி எழுதியிருந்தான். திருப்பிக் கொடுத்தேன். "மேம், வேற என்ன சொல்றது?" என்றான். உட்காரவைத்துப் பேசினோம்.

உண்மையை எடுத்த எடுப்பில் கொட்டாதே, முதலில் அவரைப் பேசவிடு. இந்த ஆய்வு எதைப் பற்றியது என்று நினைத்தீர்கள், எங்காவது ஏதோ இடித்ததா என்று பொதுவாகக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வா. நீயே முதலில் சொல்லிவிட்டால் பாதிப் பேர் "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள், யார் நிஜமாகச் சந்தேகப்பட்டார், யார் ஏமாந்தார் என்று உனக்குத் தெரியாமலே போகும். பிறகு எது பொய் என்று துல்லியமாகச் சொல், மதிப்பெண் முன்பே எழுதிவைத்த தாளைக் கையில் கொடு, அவர் பதில்களை யாரும் திருத்தவே இல்லை என்பதையும் சொல். ஏன் பொய் தேவைப்பட்டது என்று சொல்லும்போது சாக்கு மாதிரி ஒலிக்காமல் பார்த்துக்கொள். நம்பியது முட்டாள்தனம் இல்லை, எல்லோரும் நம்பும்படித்தான் இதைத் தயாரித்தோம் என்று சொல், ஏனென்றால் ஏமாந்துவிட்டோமே என்கிற கூச்சம் தனியாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ராஸ் குழு செய்த அந்த விளக்கம். கடைசியாக, உண்மை தெரிந்த நிலையில் தன் தரவை எடுத்துவிடச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையிலும் அது இருக்கிறது. கேட்டால் கொடுப்போம் என்றில்லாமல் நீயே எடுத்துக் கேட்க வேண்டும்.

"எல்லாரும் எடுத்துட்டா, மேம்?" என்றான். அப்படியானால் உன் பொய் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று அர்த்தம், அதையும் ஆய்வேட்டில் எழுது என்றேன். ஒன்றரைப் பக்கத்தோடு திரும்பி வந்தான். கடைசி வரியில் இரண்டு கட்டம் போட்டிருந்தான், 'வைத்துக்கொள்ளுங்கள்', 'நீக்கிவிடுங்கள்'. கையெழுத்துப் போட்டேன்.