ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாரு மக்கா!

மார்த்தாண்டம் மேம்பாலத்து மேல வண்டி நின்னா என்ன ஆகும்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குத் தனியாச் சொல்ல வேண்டாம். ஒதுக்க இடம் கிடையாது, பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன்ல இருந்து கையை எடுக்கமாட்டான். நேத்து சாயங்காலம் அங்கன நின்னது வாடகைக்கு எடுத்த டீசல் கார். ஸ்டியரிங்ல இருபது வயசைத் தாண்டாத பையன், பின் சீட்டுல பட்டுச்சேலையில சித்தியும் மாமியும், டேங்குல ஏறக்குறைய 20 லிட்டர் பெட்ரோல். பையன் செஞ்சது தப்புதான், அதை விடுங்க. சுத்தி வந்து நின்ன அத்தனை பேர் வாயில இருந்தும் வந்த அந்த மந்திரம் இருக்கே, அதுதான் வயித்தெரிச்சல்: "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாரு மக்கா!"

ஒருக்கா இல்ல, விடாம அடிச்சான். பேட்டரி உயிரை விடுற வரைக்கும் அடிச்சான்.

முதல்ல பம்புல நடந்ததைப் பாருங்க. வீட்டுல இருக்கிறது ஸ்கூட்டரும் பெட்ரோல் காரும். குழித்துறைப் பக்கம் பம்புக்குள்ள நுழைஞ்சதும் "ரெண்டாயிரத்துக்கு"ன்னான். அடிக்கிறவர் கேட்ட ஒரே கேள்வி "சாதாவா, பிரீமியமா?" "சாதா." பெட்ரோலா டீசலான்னு அவரும் கேட்கல, இவனும் சொல்லல. "ஜீரோ பாத்துக்கிடுங்க தம்பி"ன்னாரு. கழுத்தை எட்டி ஜீரோவை நல்லாப் பாத்தான். மெஷின்ல எண்ணெயோட பேரும் எழுதியிருக்கே, அதைப் பார்க்கணும்னு யாருக்கும் தோணல. ஏமாத்திருவானோங்கிற பயத்துல நாம எல்லாரும் ஜீரோவைப் பாத்தே வளர்ந்துட்டோம்.

இதுல வண்டிக்கும் பங்கு உண்டு. டீசல் அடிக்கிற கன் வாய் தடி, பெட்ரோல் கன் வாய் ஒல்லி. அதனால பெட்ரோல் காருக்குள்ள டீசல் கன்னை விட்டா பெரும்பாலும் கழுத்துலயே முட்டி நிக்கும், ஆளுக்குப் புத்தி வந்துரும். டீசல் காருக்குள்ள பெட்ரோல் கன் வழுக்கிக்கிட்டுப் போகும். எந்தப் பக்கம் தப்பு நடந்தா அதிக நஷ்டமோ, அந்தப் பக்கம் கதவு திறந்தே கிடக்கு. கன்னோட நிறத்தைப் பாத்தும் முடிவு பண்ணாதீங்க, அது பம்புக்குப் பம்பு மாறும். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டின்னா முன் கண்ணாடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கு வெளிர்நீலம். இந்த வாடகை வண்டியிலயும் அது இருந்தது. அதுக்கு மேல சாமி படத்தை ஒட்டியிருந்தாங்க. டேங்க் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த 'டீசல்' பழசாகி வெளிறி வெள்ளைக் காகிதமாப் போச்சு. பம்பர் கீறலை முப்பது கோணத்துல படம் எடுத்து வச்சுக்கிட்ட வாடகைக்காரருக்கு, சாவியைக் கையில குடுக்கும்போது "டீசல் வண்டி தம்பி"ன்னு ரெண்டு வார்த்தை சொல்ல நேரமில்லை.

சரி, அடிச்சாச்சு. அப்பவும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. பில்லுல பெட்ரோலுக்கு 'MS'னு வரும், டீசலுக்கு 'HSD'னு வரும். அவன் கையில குடுத்த பில்லுல MS. மடிச்சுச் சட்டைப்பையில வச்சான். சாவியைத் திருப்பினான். போச்சு.

சாவி திருப்புறதுக்கு முன்னால இது சில ஆயிரம் ரூபாய் வேலை. திருப்பின பிறகு என்ன விலைன்னு வண்டிதான் சொல்லணும். ஏன்னா இப்போ உள்ள நிறைய டீசல் கார்கள்ல டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்பு இருக்கு. டேஷ்போர்டு விளக்கு எரியுற நிலைக்குச் சாவி வந்தாலே, என்ஜின் ஓடாட்டாலும், அது எண்ணெயை முன்னால தள்ள ஆரம்பிச்சிரும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டணும்னா ஸ்டியரிங் பூட்டு விடுற முதல் நிலை மட்டும் போதும், விளக்கெல்லாம் எரியுற அடுத்த நிலைக்குப் போகவே கூடாது. பட்டன் வண்டின்னா பெரும்பாலும் கிளட்ச் மிதிக்காம ஒரு அழுத்து. நியூட்ரல்ல போட்டு நாலு பேர் தள்ளினா முடிஞ்சுது. பம்புக்குள்ளேயே முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

திருப்பினதும் வண்டி ஜோரா ஸ்டார்ட் ஆச்சு. அதுதான் இதுல உள்ள வஞ்சகம். ஃபில்டர்லயும் குழாய்லயும் பழைய டீசல் மிச்சம் இருக்கும், அது தீருற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. பாலம் ஏறும்போது இழுவை குறைஞ்சுது, கடகடன்னு ஒரு தட்டுச் சத்தம், பின்னால வெள்ளைப் புகை, அப்புறம் நின்னுது. டேங்குல ஏற்கெனவே இருந்தது 6 லிட்டர் டீசல்னு வச்சுக்கிடுங்க. 26 லிட்டர்ல 20 பெட்ரோல், நாலுல மூணு பங்குக்கு மேல. டீசல் என்ஜின்ல பொறி விடுற பிளக் கிடையாது. காத்தை அமுக்கி அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டுலயே எண்ணெய் பத்தணும். டீசலைச் சட்டுன்னு பத்துற மாதிரி தயாரிக்கிறாங்க. பெட்ரோலை, பிளக் பொறி வர்ற வரைக்கும் தானாப் பத்தாம இருக்கணும்னே தயாரிக்கிறாங்க. அதைக் கொண்டு போய் இதுக்குள்ள ஊத்தினா, பத்த வேண்டிய நேரத்துல பத்தாது, தாமதமாக் கண்டபடி பத்தும். அந்தக் கடகட அதுதான்.

ஆனா பத்தாம நின்னதுனால பெரிய நஷ்டம் வந்துடல. நஷ்டம் வண்டிக்குள்ள இருக்கிற பம்புல. இப்போதைய டீசல் வண்டிகள்ல எல்லா நாசிலுக்கும் 'ரெயில்'ங்கிற ஒரே பொதுக் குழாயில இருந்துதான் எண்ணெய் போகும், அதான் காமன் ரெயில். இதுல உயர் அழுத்த பம்பு 1,600 பார் வரைக்கும், சிலதுல அதுக்கும் மேல, எண்ணெயை அமுக்குது. நம்ம கார் டயருக்குள்ள இருக்கிறது ரெண்டு பார் சில்லறை. அந்தப் பம்புக்குத் தனியா ஆயில் கிடையாது, உள்ள ஓடுற டீசல்தான் அதுக்கு வழுவழுப்பு. பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவித் துடைச்சிரும். இரும்போட இரும்பு உரசும். உரசின தூள் எண்ணெயோட ரெயிலுக்குப் போகும், அங்கிருந்து என்ஜினுக்குள்ள எண்ணெயைப் பீய்ச்சுற நாசிலுக்குப் போகும், மிச்சம் ரிட்டன் குழாய் வழியா டேங்குக்கே திரும்பி வரும். நின்ன வண்டியை ஒவ்வொரு தடவை கிராங்க் பண்ணும்போதும் என்ஜினோட சேர்ந்து அந்தப் பம்பும் சுத்துது, வறண்ட வாயோட. "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாரு"ன்னு சொன்ன ஒவ்வொரு அண்ணாச்சியும் அந்தப் பம்புக்கு உப்புத்தாள் போட்டவர்தான்.

அப்புறம் வந்தாரு பாருங்க ஒரு நிபுணர். "லே, டேங்க் நிறைய டீசல் அடி, கலந்து சரியாப் போவும்." டேங்க் 42 லிட்டர். இன்னும் 16 லிட்டர் டீசல் அடிச்சாலும் ஏறக்குறைய பாதி பெட்ரோல்தான். பழைய ஜீப்பு, லாரி காலத்து பம்பு ஓரளவு தாங்கினதைப் பாத்தவங்க சொல்ற கணக்கு இது, காமன் ரெயிலுக்கு ஆகாது. இன்னொருத்தர் "கொஞ்சம் டூ டி ஆயில் ஊத்து"ன்னாரு. மூணாவது ஆள்தான் உச்சம்: "அடியில திருகை லூஸ் பண்ணு, பெட்ரோல் தனியா வடிஞ்சிரும்." தண்ணியை வேணும்னா அப்படி வடிக்கலாம், அது டீசலோட சேராம அடியில தங்கும். பெட்ரோலும் டீசலும் சேர்ந்தா சேர்ந்ததுதான். அந்தச் சவத்துத் திருகைத் திறந்து, சுத்தி ரெண்டு பேர் பீடியோட நிக்க, பாலத்து மேல வடிச்சிருந்தா அடுத்த நாள் பேப்பர்ல எல்லாரும் வந்திருப்பாங்க. பெட்ரோல் கலந்த டீசலை டீசல்னு நினைச்சுக் கையாளாதீங்க, அது பெட்ரோல் மாதிரிதான் பத்தும்.

கடைசியில தக்கலைப் பக்கத்து பம்பு-நாசில் மேஸ்திரி ஒருத்தர் வந்து, முதல் வேலையாச் சாவியைப் பிடுங்கிப் பையில போட்டாரு. ஃபில்டர் குழாயில இருந்து ஒரு சொட்டை விரல்ல தொட்டுத் தேய்ச்சாரு. டீசல்னா பிசுபிசுன்னு விரல்லயே நிக்கும், இது ஜில்லுன்னு காஞ்சு, லேசா ஒரு பிசுக்கு மட்டும் மிச்சம். பையன்கிட்ட பில்லைக் கேட்டு வாங்கி அதுலயும் ஒரு சொட்டு வச்சாரு. பெரிய ஈரம் சட்டுன்னு சுருங்கி நடுவுல சின்ன எண்ணெய்க் கறை நின்னுது. பில்லுல MSனு அச்சடிச்சிருந்ததை அப்பதான் பையன் வாசிச்சான்.

ரிகவரி வண்டியில ஏத்திக் கொண்டு போய், பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டி, டேங்கை முழுசா வடிச்சு, புது டீசல் விட்டு அலசி, ஃபில்டரை மாத்துறது வரைக்கும் வழக்கமான வேலை. ஸ்டார்ட் பண்ணாத வண்டின்னா இதோட கதை முடிஞ்சிருக்கும். இதுல மேஸ்திரி உயர் அழுத்த பம்புல எண்ணெயை அளந்து விடுற வால்வைக் கழட்டி வெயில்ல காட்டினாரு. அதோட சின்ன வலையில வெள்ளி ஜிகினா மாதிரி மினுமினுன்னு தூள். ஜிகினா இல்லேன்னா, நாலு நாசிலோட ரிட்டனையும் நாலு அளவுக் குடுவையில பிடிச்சு, எது அதிகமா ஒழுக்குதுன்னு பாத்து, அதை மட்டும் கவனிச்சா ஒருவேளை தப்பிக்கலாம். ஜிகினா கண்டா அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பம்பு, நாலு நாசில், ரெயில், உயர் அழுத்தக் குழாய் எல்லாம் மாத்தி, டேங்கையும் இறக்கிக் கழுவணும். பம்பை மட்டும் மாத்தினா ரெயில்ல மிச்சம் கிடக்கிற தூள் நாசிலைத் தின்னும், டேங்குல கிடக்கிறது புதுப் பம்பையே தின்னும். கணக்கு லட்சத்தைத் தாண்டுது.

கட்டப்போறது யாரு? வாடகை ஒப்பந்தத்துல பொடி எழுத்துல, தப்பான எண்ணெய் அடிச்சா எடுத்தவர் பொறுப்புன்னு போட்டிருக்கு. சாதா இன்சூரன்ஸ் பாலிசியில இது விபத்துக் கணக்குல வராது. தனியாப் பணம் கட்டின ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருந்தா, சிலதுல இழுத்துட்டுப் போறதும் டேங்க் வடிக்கிறதும் வரும். பம்பும் நாசிலும் நம்ம தலையில.

பையனோட அப்பா பம்புக்குப் போய்க் கத்தினாரு. "நாங்க ஜீரோ காட்டினோமே சார்"னாங்க. சிரிக்கிறதா அழுறதா? அதே பம்புல, இலவசமாக் காத்து பிடிச்சுத் தரணும்னு விதி இருக்கு, போர்டும் தொங்குது. காத்து மெஷின் குழாயை மட்டும் மாலை மாதிரி சுருட்டி மாட்டி வச்சிருக்காங்க. எப்போ கேட்டாலும் "கம்ப்ரசர் ரிப்பேர்ணே, நாளைக்கு வாங்க." எந்த நாளைக்குலே?